நடு இரவில் தேதியை மாற்றினால் வாட்ச் கெடுமா? பாதியில் நிற்கிறது, உதவி தேவை

எட்டணா | செப்டம்பர் 30, இரவு 11:52

அப்பா 1999இல் ஷார்ஜாவிலிருந்து கொண்டு வந்த சீக்கோ 5 ஆட்டோமேட்டிக். பின்மூடியில் இயந்திரத்தின் எண் 7S26 என்று இருக்கிறது. கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் வரும். இரண்டு மாதமாக நான் கட்டுகிறேன்.

இன்று 30. இந்த மாதத்துக்கு 31 கிடையாது என்று வாட்சுக்குத் தெரியாது. காலையில் மறந்துவிடுவேன் என்று இப்போதே மாற்றிவிடலாம் என நினைத்து, 11:40 வாக்கில் சாவியை ஒரு கிளிக் வெளியே இழுத்துத் திருப்பினேன். 30லிருந்து 31 வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்து 1 வர வேண்டும். அங்கே பிடித்துக்கொண்டது. கொஞ்சம் அழுத்தினேன், நகரவில்லை. பயந்து விட்டுவிட்டேன். இப்போது ஜன்னலில் 31 பாதி மேலே ஏறி நிற்கிறது, கீழே 1இன் தலை தெரிகிறது.

உடைத்துவிட்டேனா? இப்போது என்ன செய்வது? முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மல்லிகை மொட்டு | 11:57

அண்ணா, ராத்திரி நேரத்தில் வாட்சைத் தொடக்கூடாது என்று எங்கள் தாத்தாவும் சொல்வார். விடியும்வரை அப்படியே வைத்துவிட்டுக் காலையில் மாற்றுங்கள். பகலில் மாற்றினால் ஒன்றும் ஆகாது.

சாவிக்கொத்து | அக்டோபர் 1, நள்ளிரவு 12:03

இதற்கா இவ்வளவு பதற்றம்? நான் பன்னிரண்டு வருடமாக இஷ்டப்பட்ட நேரத்தில் தேதி மாற்றுகிறேன். ஒரு வாட்சும் கெட்டதில்லை. தேதிச் சக்கரத்தைத் தள்ளுவது மெயின் ஸ்பிரிங்கின் விசை. அது பல்செட்டு வழியாக இறங்கி வரும்போது தேய்ந்து தம்மாத்துண்டு ஆகிவிடும். அந்த விசையால் எதுவும் உடையாது. 'இரவு 10 முதல் 2 வரை தொடாதே' என்பது 1960களின் வாட்சுகளுக்குச் சொன்னது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்புங்கள், போய்விடும்.

லூப்புக் கண் | 12:06

தம்பி எட்டணா, அழுத்தாதீர்கள். முதல் கிளிக்கில் இருக்கும் சாவியை இனி திருப்பவே வேண்டாம். இரண்டாவது கிளிக்குக்கு இழுத்து, முட்களை முன்னோக்கி மட்டும் மெதுவாக நகர்த்தி 4 மணி தாண்டி நிறுத்துங்கள். இடையில் தடுத்தால் அங்கேயே விட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். தேதி எதில் வந்து நின்றாலும் கவலை வேண்டாம். முதலில் வாட்சை இந்தச் சிக்கலிலிருந்து வெளியே எடுப்போம், விளக்கம் அப்புறம்.

எட்டணா | 12:14

நகர்த்தினேன். 12:30 வாக்கில் மெல்லிய 'டக்' கேட்டது, 31 நேராக வந்து நின்றது. தடுக்கவில்லை. 4:15இல் நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் போகிற வழியில், 2 மணி அருகே கிழமை அரபியில் நின்றது! இரண்டு மாதமாக ஆங்கிலம்தான் பார்த்திருக்கிறேன். இப்போது மறுபடியும் ஆங்கிலம். அதையும் கெடுத்துவிட்டேனோ?

கொட்டாம்பட்டி | 12:31

அரபிக்குப் பயப்படாதீர்கள். எட்டு வருடம் தம்மாமில் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். தினமும் நள்ளிரவு தாண்டியதும் கிழமை அரபிக்குப் போகும், விடிவதற்குள் ஆங்கிலத்துக்கு வரும். முதல் தடவை பார்த்தபோது நானும் கடைக்காரனோடு சண்டை போடப் போனேன். நீங்கள் அந்த நேரத்தில் தூங்குகிற ஆள், அதனால் பார்த்ததில்லை.

லூப்புக் கண் | 1:10

கொட்டாம்பட்டி சொன்னது சரி. அந்தக் கிழமைத் தட்டில் ஏழு கிழமையும் இரண்டு மொழியில் இருக்கிறது, ஆக 14 இடம். ஆங்கிலமே தெரிய வேண்டும் என்றால் வாட்ச் ஒரு இரவில் இரண்டு இடம் நகர வேண்டும். முதல் இடம் அரபி, அடுத்தது ஆங்கிலம். கிழமை மாறி முடிக்கத் தேதியைவிட அதிக நேரம் பிடிப்பது இதனால்தான். இந்த வகை வாட்சுகளுக்கு இரவு 9 முதல் விடிகாலை 4 வரை தேதி, கிழமை இரண்டையும் சாவியால் மாற்றாதே என்கிறோம். கடைசி இரண்டு மூன்று மணி நேரம் கிழமைக்காகவே.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முகப்புத் தட்டைக் கழற்றினால் அடியில் ஓரமாக ஒரு வளையம் இருக்கும், அதில் 1 முதல் 31 வரை அச்சிட்டிருக்கும். உள்பக்கம் 31 பற்கள், மையத்தைப் பார்த்தபடி. அந்தப் பற்களைத் தொடுகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் தாழ்ப்பாள் மாதிரி ஒரு சின்னக் கொக்கி. ஸ்பிரிங் விசையில் இரண்டு பற்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, எண்ணை ஜன்னல் நடுவில் நிறுத்தி வைப்பது அதன் வேலை. இன்னொருவர் நீங்கள் சாவியைத் திருப்பும்போது வந்து பல்லைத் தள்ளும் திருத்தச் சக்கரம். மூன்றாமவர்தான் நம் ஆள்: 24 மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றும் சக்கரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விரல்.

விரல் மணிக்கு 15 பாகைதான் நகரும். பகல் முழுக்க வெட்டவெளியில் சுற்றும், எதையும் தொடாது. இரவு பத்து மணி சுமாருக்கு இரண்டு பற்களுக்கு நடுவே நுழைந்து, முன்னால் இருக்கும் பல்லைத் தள்ளத் தொடங்கும். கொக்கி எதிர்க்கும், ஏறும், ஏறும், பல்லின் உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் சரிந்து வளையத்தைத் தானே இழுத்துக் கொடுத்துவிடும். ஜன்னலில் எண் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று குதிப்பது இதனால்தான்.

நீங்கள் 11:40க்குத் திருப்பினீர்கள். அப்போது விரல் பள்ளத்துக்குள் இருந்தது. முன்பல்லைப் பாதித் தூரம் தள்ளியும் இருந்தது. சாவியால் வளையத்தை அதே திசையில் நகர்த்தியதும் அந்த முன்பல் விரலை விட்டு விலகி ஓடிவிட்டது. அதனால் 31 வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் விரலுக்குப் பின்னாலும் ஒரு பல் இருக்கிறதல்லவா? 1க்குப் போக முயன்றபோது அது வந்து விரலின் முதுகில் மோதியது. உங்கள் கையில் தடுத்தது அந்த மோதல்தான்.

சாவிக்கொத்து | 1:22

ஐயா, மோதினால் விரல் முன்னால் நகர்ந்து வழி விடவேண்டியதுதானே? அதுவும் சுற்றுகிற சக்கரம்தான். சுவரில் அடித்த ஆணியா?

லூப்புக் கண் | 1:40

நல்ல கேள்வி. கிட்டத்தட்ட சுவரில் அடித்த ஆணிதான், ஏன் என்று சொல்கிறேன்.

விரல் இருக்கும் சக்கரம் சின்ன முள்ளின் சக்கரத்தோடு பிணைந்தது, அது பெரிய முள்ளோடு பிணைந்தது. பெரிய முள் 24 சுற்று சுற்றினால் விரல் ஒரு சுற்று. பெரிய முள்ளின் குழல் தன் தண்டில் இறுக்கத்தால் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. நேரம் வைக்கும்போது அது வழுக்குவதால்தான் முள் நகர்கிறது. விரலை நீங்கள் முதுகில் தள்ளி முன்னால் நகர்த்த வேண்டுமென்றால், அந்த இறுக்கத்தைத் தவறான முனையிலிருந்து வெல்ல வேண்டும். அதாவது பெரிய முள்ளைத் திருப்பத் தேவையான முறுக்கைப்போல் 24 மடங்கு முறுக்கு விரலில் விழ வேண்டும், பற்களின் உரசல் தனி. மெல்லிய பல்லுக்கோ விரல் நுனிக்கோ அவ்வளவு தெம்பு கிடையாது. முள் நகர்வதற்கு முன் இவற்றில் ஒன்று வளையும், இல்லை முறியும்.

மெயின் ஸ்பிரிங்கின் விசை தேதிப் பக்கம் எதையும் உடைக்காது என்றீர்கள். அது சரி. தேதி மாறும் இரவில் சில வாட்சுகளின் ஊசலாட்டமே கொஞ்சம் குறைவதை மெஷினில் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு கஷ்டப்பட்டுத்தான் அது தள்ளுகிறது. ஆனால் இங்கே உடைப்பது ஸ்பிரிங் இல்லை, உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். சாவியிலிருந்து திருத்தச் சக்கரம் வரை நேரடி இணைப்பு. அதற்கு அந்தப் பல் ஒரு பொருட்டே இல்லை.

சாவிக்கொத்து | 1:47

24 மடங்கு கணக்கை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டு வருடம் எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதற்கும் ஒரு காரணம் இருக்கவேண்டுமே.

லூப்புக் கண் | 1:58

இரண்டு மூன்று காரணம் இருக்கலாம். ஒரு நாளில் விரல் பற்களுக்குள் இருப்பது நான்கைந்து மணி நேரம். நினைத்த நேரத்தில் மாற்றினாலும் பெரும்பாலும் வெளியில் இருக்கும்போதுதான் மாற்றியிருப்பீர்கள். இரண்டாவது, பல வாட்சுகளில் விரலை வளையும்படி செய்கிறார்கள். சிலவற்றில் அது மெல்லிய ஸ்பிரிங் கை, முதுகில் தட்டினால் மடங்கி வழிவிட்டு மறுபடி நிமிரும். 7S26இல் விரல் பிளாஸ்டிக், கொஞ்சம் வளைந்து கொடுக்கும். எட்டணாவின் வாட்ச் தப்பித்திருந்தால் அதற்கும் அவர் சீக்கிரம் கையை எடுத்ததற்கும் நன்றி சொல்ல வேண்டும். விரல் முழுக்க உலோகமாக, அசையாமல் இருந்தால் நிலைமை வேறு.

தூக்கம் வருகிறது. காலையில் பார்ப்போம்.

மல்லிகை மொட்டு | அக்டோபர் 1, காலை 7:15

அப்போ நான் சொன்னது சரிதானே, பகலில் மாற்றினால் ஒன்றும் ஆகாது? என் வீட்டுக்காரர் வாட்ச் வாரம் முழுக்க மேசையில் கிடக்கும், ஞாயிறு காலை 9 மணிக்கு எடுத்துக் கட்டுவார். நேராகத் தேதியைத் திருப்புவார்.

லூப்புக் கண் | 8:30

அம்மா, இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். வெளியே சூரியன் எங்கே இருக்கிறது என்பது வாட்சுக்குத் தெரியாது. ஆட்டோமேட்டிக்கைக் கழற்றி வைத்தால் ஒன்றரை, இரண்டு நாளில் நின்றுவிடும். நின்றது 11:20இல் என்றால், அது பகல் 11:20ஆ இரவு 11:20ஆ? முகப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரவு 11:20 என்றால் விரல் பல்லுக்குள் சிக்கியபடியே நாலு நாள் தூங்கியிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் ஞாயிறு காலை வெயிலில் உட்கார்ந்து திருப்பினாலும் அது நள்ளிரவில் திருப்பியதுதான். என்னிடம் வந்த கேஸ்களில் நடு இரவில் உட்கார்ந்து கெடுத்தவர்கள் குறைவு. காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், நின்றுபோன வாட்சை எடுத்துத் திருப்பியவர்கள்தான் அதிகம்.

ஆகவே முதலில் முட்களை முன்னோக்கி நகர்த்தி 6:30க்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். காலை ஆறரையோ மாலை ஆறரையோ எதுவானாலும் பரவாயில்லை, விரல் நள்ளிரவுப் புள்ளியிலிருந்து கால் சுற்றுக்கு மேலோ கிட்டத்தட்ட கால் சுற்றோ விலகி இருக்கும். ஆறுக்கு அருகே மட்டும்தான் இந்தச் சலுகை. 9 மணிக்கோ 3 மணிக்கோ வைத்தால் பாதி வாய்ப்பு அபாயத்தின் விளிம்பில்தான். அப்புறம் சாவியை ஒரு கிளிக் உள்ளே தள்ளி, தேதியை நேற்றைய தேதிக்கு வையுங்கள். கிழமையையும் நேற்றையதாக்குங்கள். மறுபடி முழுக்க இழுத்து முட்களை முன்னால் ஓட்டினால், எங்கே தேதி இன்றையதாக மாறுகிறதோ அதுதான் நள்ளிரவு. அங்கிருந்து இப்போதைய நேரம்வரை போக வேண்டும். பிற்பகல் என்றால் 12ஐ இன்னொரு முறை தாண்ட வேண்டும்.

கொட்டாம்பட்டி | 9:05

இந்த நேற்றுத்தேதி வித்தை தெரியாமல் ஒரு மாதம் மதியம் 12 மணிக்குத் தேதி மாறுகிற வாட்சைக் கட்டித் திரிந்தேன். ரிப்பேர் என்று நினைத்துக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் முள்ளைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு டீக்காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

பழைய சந்தை | மாலை 6:20

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். என் கேஸ் இதோடு சேருமா என்று பெரியவர் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய சுவிஸ் ஆட்டோமேட்டிக், பேர் வேண்டாம். நேரம் அருமையாகக் காட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி நின்றுவிடும். 10 வராது. எத்தனை நாள் விட்டாலும் 9தான். கையால் 10 ஆக்கிவிட்டால் அடுத்த மாதம் 9 வரை ஒழுங்காக ஓடும். ஆயில் காய்ந்துவிட்டதா? சர்வீஸ் செய்தால் போதுமா?

சாவிக்கொத்து | 6:41

கொக்கியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

லூப்புக் கண் | 8:15

ஸ்பிரிங் தளர்ந்தால் எல்லாத் தேதியிலும் தொல்லை இருக்கும். எண் ஜன்னலில் கோணலாக நிற்கும், சில நாள் இரண்டு எண் சேர்ந்து ஓடும். ஆயில் காய்ந்தாலும் அப்படித்தான், 9ஐ மட்டும் தேர்ந்தெடுக்காது. ஒரே எண்ணில் மட்டும் என்றால் வளையத்தின் ஒரு குறிப்பிட்ட பல்லில் கோளாறு.

பழைய சந்தை, ஒன்று சோதித்துச் சொல்லுங்கள். முட்களை 6:30இல் வைத்துவிட்டு, சாவியால் மட்டும் தேதியை 1லிருந்து 31 வரை இரண்டு சுற்று ஓட்டுங்கள். எங்காவது சாவி சும்மா சுற்றி, எண் நகராமல் இருக்கிறதா? எந்த எண்ணில்?

பழைய சந்தை | 9:02

ஆச்சரியமாக இருக்கிறது. 9ஐச் சுலபமாகத் தாண்டுகிறது. ஆனால் 20இல் சாவி வெறுமனே சுற்றுகிறது. இரண்டு சுற்றிலும் 20தான். முள்ளை நள்ளிரவு தாண்டி ஓட்டினால்தான் 21 வருகிறது. இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. 9இல் ஒன்று, 20இல் ஒன்று, ஆக இரண்டு பல் போய்விட்டதா?

லூப்புக் கண் | 9:30

ஒரே பல்தான். விரலும் திருத்தச் சக்கரமும் வளையத்தை ஒரே இடத்தில் தொடுவதில்லை. வளையத்தைச் சுற்றி இருவரும் வெவ்வேறு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னலில் 9 தெரியும்போது உடைந்த பல் விரலுக்கு எதிரே வருகிறது, விரலுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. அதே பல் 11 இடம் நகர்ந்து திருத்தச் சக்கரத்துக்கு எதிரே வரும்போது ஜன்னலில் 20. இரண்டும் ஒரே வாட்சில் எப்போதும் அதே இடைவெளியில் வந்தால், இரண்டு சாட்சியும் ஒரே பல்லைக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

மற்ற இரண்டு வகையையும் சொல்லிவிடுகிறேன். இரவில் எந்தத் தேதியும் மாறவில்லை, ஆனால் சாவியால் எல்லாம் மாறுகிறது என்றால் விரல் போயிற்று. தலைகீழாக, இரவில் ஒழுங்காக மாறி, சாவியால் எங்குமே மாறவில்லை என்றால் திருத்தச் சக்கரத்தைப் பாருங்கள்.

பழைய சந்தை | 9:44

அப்போ இதற்கு முன் வைத்திருந்தவர் நள்ளிரவில் தேதி மாற்றித்தான் உடைத்திருக்கிறார், இல்லையா?

லூப்புக் கண் | 9:58

உடைந்த பல்லை மட்டும் பார்த்து அப்படிச் சொல்லமாட்டேன். யாராவது முகப்பைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கியிருக்கலாம். சாட்சி விரலில்தான் இருக்கும். விரலின் முன்பக்கம் தினமும் பல்லைத் தள்ளுவதால் அங்கே லேசான பளபளப்பு இயல்பு. முதுகுப் பக்கத்துக்கு வேலையே கிடையாது. அங்கே ஒரு பள்ளமோ பளபளக்கும் கீறலோ இருந்தால், எப்போதோ ஒரு பல் வந்து மோதியிருக்கிறது. கழற்றுகிறவரிடம் லென்ஸ் வழியாகப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

வளையம் மாற்ற வேண்டும். எழுத்தின் வடிவம், ஜன்னல் 3இல் இருக்கிறதா வேறு இடமா என்பதெல்லாம் பொருந்த வேண்டும். பழைய வாட்சுக்கு அதே வளையம் கிடைப்பது அதே மாதிரி இன்னொரு உடைந்த வாட்ச் கிடைப்பதைப் பொறுத்தது. மாதம் ஒரு தடவை கையால் 10 வைப்பது சிரமம் இல்லை என்றால் அப்படியே கட்டுங்கள், நேரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் உடைந்த துண்டு உள்ளே சுற்றிக்கொண்டிருந்தால் எங்காவது சக்கரத்தில் போய் மாட்டும். ஒரு முறை திறந்து அதை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

சாவிக்கொத்து | 10:20

சரி, பழையதை விடுங்கள். இப்போது வருகிற நல்ல வாட்சுகளில் இந்தத் தடையே இல்லை என்பதுதான் என் வாதம். ரோலக்ஸில் நள்ளிரவில் தேதி ஒரே குதியில் மாறுகிறது. விரல் மணிக்கணக்கில் பல்லுக்குள் இருப்பதே இல்லை. ஈடிஏ 2824-2 இயந்திரம் வைத்த வாட்சில் இரவு 11 மணிக்கு நானே மாற்றியிருக்கிறேன், தடுக்கவே இல்லை.

லூப்புக் கண் | 10:52

ஒரே குதியில் மாறும் வகையில் விரல் சாயங்காலத்திலிருந்தே ஒரு ஸ்பிரிங்கை ஏற்றி வைத்துக்கொண்டு, 12க்கு மொத்தமாக விடும். அங்கே அபாய நேரம் சுருங்குகிறது என்பது உண்மை. நீங்கள் சொன்ன ரோலக்ஸ் கம்பெனியின் பழைய கதையையும் பாருங்கள். அவர்களுடைய தேதி காட்டும் வாட்ச் டேட்ஜஸ்ட் வந்தது 1945இல். அப்போது சாவியால் தேதியை மட்டும் மாற்றும் வசதியே கிடையாது, முள்ளைச் சுற்றித்தான் தேதி மாற வேண்டும். சீக்கிரம் மாற்றும் வசதி டேட்ஜஸ்டுக்கு வந்தது 1970களின் கடைசியில், 3035 இயந்திரத்தோடு. இந்த மோதலே அந்த வசதியோடு கூடப் பிறந்தது. திருத்தச் சக்கரம் இல்லாத வாட்சில் விரலோடு சண்டை போட இன்னொருவர் கிடையாது.

2824-2 பற்றி எங்கள் ஆட்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒன்றும் ஆகாது என்பார்கள் சிலர். நான் 'ஆகாது' கட்சியில் சேர மாட்டேன். தடுக்கவில்லை என்றால் விரல் மடங்கியது என்று அர்த்தம். ஒரு தடவை மடங்கி நிமிர்வது வேறு, நூறு தடவை மடங்கி நிமிர்வது வேறு.

சாவிக்கொத்து | 11:03

நூறு தடவை மடங்கவே அதைச் செய்திருக்கிறார்கள் என்கிறேன் நான். வருஷத்தில் 31 இல்லாத மாதம் ஐந்து. ஐந்து தடவை மாற்றினால் நூறுக்கு இருபது வருஷம் ஆகும். அதற்குள் நாலு சர்வீஸ் வந்துவிடும்.

லூப்புக் கண் | 11:10

தினமும் கட்டுகிறவருக்கு ஐந்து தடவை. ஏழெட்டு வாட்ச் வைத்து மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கு ஒவ்வொரு வாட்சும் வாரத்துக்கு ஒரு முறை நிற்கும், வாரத்துக்கு ஒரு முறை தேதி வைக்க வேண்டும். நீங்கள் எந்த ரகம்?

சாவிக்கொத்து | 11:12

பதினோரு வாட்ச். சரி, சரி.

மல்லிகை மொட்டு | அக்டோபர் 2, காலை 10:40

ஒரு சந்தேகம். பேட்டரி வாட்சுக்கும் இதுவேதானா? முள்ளைப் பின்னால் திருப்பலாமா?

லூப்புக் கண் | பகல் 1:15

முள் வைத்த பேட்டரி வாட்சில் தேதிப் பக்கம் இதே குடும்பம்தான், விரலும் வளையமும் கொக்கியும். அதுவும் அதே கவனம். பேட்டரி தீர்ந்து நின்ற வாட்சுக்கும் 'எந்த 11:20' என்ற கேள்வி அப்படியே பொருந்தும்.

பின்னால் திருப்புவது பற்றி: ஐந்து பத்து நிமிடம் பகல் நேரத்தில் பின்னால் போனால் ஒன்றும் இல்லை. நள்ளிரவைப் பின்னால் தாண்டும்போது விரலின் முதுகு பல்லை எதிர்த்திசையில் தள்ளும். விரல் மடங்குகிற வாட்சில் சத்தமில்லாமல் கடந்துவிடும். மடங்காததில் வளையம் பின்னுக்கு நகரும், இல்லை பாதியில் நிற்கும். முன்பின் தெரியாத வாட்சில் நான் செய்வதில்லை. ஒரு மணி நேரம் பின்னால் போவதற்குப் பதில் 23 மணி நேரம் முன்னால் சுற்றினாலும் ஒரு நிமிட வேலை.

எட்டணா | அக்டோபர் 3, காலை 6:50

இரண்டு இரவு கண் விழித்துப் பார்த்தேன். முதல் இரவு 10:50 வாக்கில் எண் ஊர ஆரம்பித்து 12:25க்குக் குதித்தது. நேற்று இரவு 12:20. கிழமை 1 மணிக்கு மேல் அரபிக்குப் போய், 3:30க்குள் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. மாறுகிறது, அதுவரை நிம்மதி. ஆனால் முன்பு சரியாக 12க்கு மாறியதா என்று தெரியவில்லை. நான் எங்கே பார்த்தேன், அப்பாதான் கட்டினார். அவர் பன்னிரண்டுக்கு முன்பே தூங்கிவிடுவார்.

இந்த இருபத்தைந்து நிமிடம் நான் விரலை வளைத்ததால் வந்ததா?

கொட்டாம்பட்டி | 7:30

என்னுடையது 12:10க்கு மாறும். வாங்கிய நாள் முதல் அப்படித்தான்.

லூப்புக் கண் | 9:00

இந்த வகையில் 12க்கு முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி மாறுவது சகஜம். சர்வீஸ் செய்யும்போது முட்களை எந்த இடத்தில் மாட்டினார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். முகப்பை எடுத்துப் பார்க்காமல், வளைந்ததா பிறவிக்குணமா என்று என்னால் சொல்ல முடியாது. இதற்காக மட்டும் திறக்கவும் சொல்ல மாட்டேன். ஒரு காகிதத்தில் இந்த மாதம் நாலைந்து இரவு குதிக்கும் நேரத்தை எழுதி வையுங்கள். 12:20, 12:25 என்றே நின்றால் விட்டுவிடுங்கள். வாரம் போகப் போக 12:40, 1 மணி என்று தள்ளிக்கொண்டே போனால், அல்லது ஒரு நாள் மாறாமல் விட்டால், கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தேதியை இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள்?

எட்டணா | 9:12

அது வந்து... 31இல் நின்றதை அப்படியே விட்டுவிட்டேன், தொடவே பயம். ஆக இப்போது அது 2 காட்டுகிறது. இன்று 3. 6:30 வைத்து மாற்றப் போகிறேன்.

மல்லிகை மொட்டு | 9:20

எந்த 6:30 அண்ணா? 😄